மூன்று தாள்களும் எட்டு நாள் விடுப்பும்

வேலையை விட்டு விலகும்போதுதான் பலர் தங்கள் விடுப்புக் கணக்கை முதன்முறையாக ஊன்றிப் பார்க்கிறார்கள். கணக்கு முடித்துத் தரும் தாளில் "மீதமுள்ள விடுப்பு இத்தனை நாள், அதற்கான பணம் இவ்வளவு" என்று ஒரு வரி இருக்கும். அது தாம் மனத்தில் போட்டுவைத்த கணக்கோடு ஒத்துப்போகாது. வீட்டுக்குப் போய் ஆஃபர் லெட்டரைத் தேடி எடுத்தால் அதில் ஓர் எண் இருக்கிறது. பணியாளர் கையேட்டில் வேறோர் எண். இடையில் என்றோ மின்னஞ்சலில் வந்த சுற்றறிக்கையில் இன்னொன்று. மூன்றையும் ஒரே நேரத்தில் பார்ப்பவருக்கு, கம்பெனி ஒன்றைச் சொல்லி மற்றொன்றைச் செய்கிறது என்றுதான் தோன்றும்.

சில சமயம் அது உண்மையாகவே இருக்கும். ஆனால் கோபத்தோடு எழுதும் கடிதத்தில் ஐந்து முரண்களைச் சுட்டிக்காட்டி, அவற்றில் நான்கு முரணே இல்லை என்று ஹெச்.ஆர். பதில் எழுதிவிட்டால், ஐந்தாவதாகச் சொன்ன நியாயமான குறையும் சேர்ந்து அடிபட்டுப் போகும். எனவே எது மெய்யான முரண், எது பார்வைக்கு மட்டும் முரண், எதில் தாள் வாயே திறக்கவில்லை என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதை ஒரு மாதிரிக் கணக்கின் வழியாகப் பார்ப்போம். கணக்கு புனைந்ததுதான். ஆனால் இதில் வரும் வாசகங்கள் நம் அலுவலகங்களில் அன்றாடம் புழங்கும் வகையைச் சேர்ந்தவை.

சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராக ஒரு பெண் 2020 ஜூன் 1 அன்று சேர்கிறார். 2023 செப்டம்பர் 30 அன்று முறையாக நோட்டீஸ் கொடுத்து விலகுகிறார். அவர் கையில் மூன்று தாள்கள் இருக்கின்றன.

முதலாவது, அவர் பெயருக்கு வந்து, அவர் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்த ஆஃபர் லெட்டர். அதன் 7ஆம் பத்தி: "நோய் விடுப்பு நீங்கலாக, ஆண்டுக்கு 24 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டு. பிற நிபந்தனைகள் நிறுவனத்தின் அவ்வப்போதைய விதிகளுக்கு உட்பட்டவை."

இரண்டாவது, 2019இல் வெளியான பணியாளர் கையேடு. பிரிவு 5.2: "காலண்டர் ஆண்டுக்கு 18 வேலைநாள் ஈட்டிய விடுப்பு, மாதம் 1.5 நாள் வீதம் வரவு வைக்கப்படும். பணி உறுதியான பிறகு எடுத்துக்கொள்ளலாம். 45 நாள் வரை சேர்த்துவைக்கலாம்." பிரிவு 5.3: தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 6 நாள். பிரிவு 5.4: நோய் விடுப்பு 12 நாள். பிரிவு 5.6: "ஒவ்வொரு டிசம்பரிலும் 10 நாள் வரை ஈட்டிய விடுப்பைப் பணமாக்கிக்கொள்ளலாம்." பிரிவு 5.9: "பணியிலிருந்து விலகும்போது மீதமுள்ள ஈட்டிய விடுப்புக்கு அடிப்படைச் சம்பள வீதத்தில் பணம் வழங்கப்படும்."

மூன்றாவது, 2023 மார்ச் 20 தேதியிட்ட சுற்றறிக்கை. பொருள்: ஆண்டு விடுப்புப் பணமாக்கல் மற்றும் விடுப்புச் சேமிப்பு. "2023 ஏப்ரல் 1 முதல், ஏப்ரல் – மார்ச் விடுப்பு ஆண்டாகக் கொள்ளப்படும். ஆண்டு இறுதியில் 30 நாளுக்கு மேற்பட்ட ஈட்டிய விடுப்பு அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லப்படாது, மிகுதி காலாவதியாகும். விடுப்பைப் பணமாக்கும் வசதி நிறுத்தப்படுகிறது."

எடுத்த எடுப்பில் கண்ணில் படுவது 24க்கும் 18க்கும் உள்ள வேறுபாடு. பலரும் இங்கேயே நின்றுவிடுவார்கள். "24 தருவதாகச் சொல்லி 18தான் தந்தார்கள், ஆண்டுக்கு 6 நாள் போயிற்று" என்று கணக்குப் போடுவார்கள். தவறு நடப்பது இங்கேதான். இரண்டு தாள்களிலும் உள்ள எண்களை ஒப்பிடும் முன், அந்த எண்கள் ஒரே கேள்விக்கான விடைகள்தானா என்று பார்க்க வேண்டும்.

விடுப்பு உரிமை என்பது ஒரே எண்ணால் ஆனதல்ல. யாருக்கு? எந்த வகை விடுப்பு? எத்தனை நாள்? அது வேலைநாளா, ஞாயிறும் சேர்ந்த நாளா? எந்த ஆண்டுக் கணக்கு? எப்போது வரவாகிறது, எப்போது எடுக்கலாம்? எவ்வளவு சேர்க்கலாம், மிஞ்சியது என்னாகும்? பணியில் இருக்கும்போது பணமாக்கலாமா? விலகும்போது பணம் உண்டா? உண்டென்றால் எந்தச் சம்பளத்தில்? இப்படிக் கேள்விகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எதிரே மூன்று தாள்களுக்கும் மூன்று கட்டங்கள் போட வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் நமக்குப் புரிந்ததைச் சுருக்கி எழுதாமல், தாளில் உள்ள சொற்களைப் பத்தி எண்ணோடு அப்படியே எழுதிக்கொள்வது நல்லது. சுருக்கும்போதுதான் "பணமாக்கல்", "விலகும்போது பணம்" என்ற இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. தாளில் விடை இல்லையென்றால் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். நம் கணக்கில் சிக்கல் உள்ள வரிசைகள் மட்டும் இப்படி வரும்:

| கேள்வி | ஆஃபர் லெட்டர் | கையேடு | சுற்றறிக்கை |
|---|---|---|---|
| எத்தனை நாள்? | 24, நோய் விடுப்பு நீங்கலாக (7) | ஈட்டியது 18, தற்செயல் 6 (5.2, 5.3) | – |
| எந்த ஆண்டு? | – | காலண்டர் ஆண்டு (5.2) | ஏப்ரல் – மார்ச், 1.4.2023 முதல் |
| சேமிப்பு உச்சம்? | – | 45 (5.2) | ஆண்டு இறுதியில் 30 |
| பணியில் இருக்கும்போது பணம்? | – | டிசம்பரில் 10 நாள் வரை (5.6) | நிறுத்தம் |
| விலகும்போது பணம்? | – | உண்டு, அடிப்படைச் சம்பளத்தில் (5.9) | ? |

முதல் வரிசையைப் பார்த்தாலே 24இன் புதிர் அவிழ்கிறது. ஆஃபர் லெட்டர் சொல்வது நோய் விடுப்பு தவிர்த்த எல்லாச் சம்பள விடுப்பும். கையேட்டில் 24 என்ற எண்ணே இல்லை, ஆனால் ஈட்டியது 18, தற்செயல் 6, கூட்டினால் 24. ஊகம்தானே என்று தோன்றினால், மாதாந்திர விடுப்புப் பதிவைப் பார்க்கலாம். மாதம் 1.5 நாள் ஈட்டியதாகவும், 0.5 நாள் தற்செயலாகவும் வரவு வைத்திருந்தால் கம்பெனியும் தொடக்கம் முதல் அதையே அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இதை முரண் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

காலிக் கட்டங்களும் முரண் அல்ல. சேமிப்பு உச்சத்தைப் பற்றி ஆஃபர் லெட்டர் பேசவில்லை என்றால், அது கையேட்டோடு மோதவில்லை என்றுதான் அர்த்தம். மேலும் 7ஆம் பத்தியின் இரண்டாவது வாக்கியம் "பிற நிபந்தனைகள் விதிகளுக்கு உட்பட்டவை" என்று கையேட்டைக் கைகாட்டி விடுகிறது. இந்த வாக்கியத்தின் எல்லையையும் கவனிக்க வேண்டும். அது "பிற" நிபந்தனைகளைத்தான் விதிகளிடம் விடுகிறது. 24 என்ற எண்ணை விடவில்லை. நாளை ஒரு சுற்றறிக்கை மொத்த விடுப்பை 20 என்று குறைத்தால், அது தனி மனிதரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் எண்ணோடு மோதும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 62ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மாற்றுவதற்கு இரு தரப்பும் ஒப்புக்கொள்வதைப் பற்றிப் பேசுகிறது. ஒரு தரப்பு அனுப்பும் மின்னஞ்சல் இரு தரப்பின் ஒப்புதல் ஆகிவிடாது.

எந்த ஆண்டு என்ற வரிசையில் 1.4.2023க்கு முன் கையேடு, அதன்பின் சுற்றறிக்கை என்று தேதியே பிரித்துவிடுவதால் அதையும் ஒதுக்கிவிடலாம். இப்போது மீதி இருப்பவை மூன்று வரிசைகள்: சேமிப்பு உச்சம், பணியில் இருக்கும்போது பணம், விலகும்போது பணம். இவற்றில் பணம் பற்றிய இரண்டையும் முதலில் முடித்துவிடலாம். கம்பெனியின் கணக்குத் தாள் ஒருவேளை "சுற்றறிக்கைப்படி பணமாக்கல் இல்லை" என்று சொல்லி, மீதியுள்ள விடுப்பு முழுவதற்கும் பூஜ்யம் போட்டுவிடலாம். சுற்றறிக்கையின் கடைசி வாக்கியத்தை மட்டும் படித்தால் அப்படித் தோன்ற இடமிருக்கிறது. ஆனால் அதன் பொருள் வரி "ஆண்டு விடுப்புப் பணமாக்கல்" என்கிறது. கையேடும் இரண்டையும் தனித்தனிப் பிரிவுகளில் வைத்திருக்கிறது: டிசம்பரில் பணமாக்கிக்கொள்வது 5.6, விலகும்போது வழங்கப்படுவது 5.9. சுற்றறிக்கை நிறுத்துவது "வசதியை". 5.6 ஒரு வசதி, விரும்பினால் பயன்படுத்திக்கொள்ளலாம். 5.9 கணக்கு முடிக்கும்போது கம்பெனி செய்ய வேண்டிய கடமை. எனவே சுற்றறிக்கை தொட்டது 5.6ஐ மட்டுமே என்று வாசிப்பது பொருத்தம். இரண்டு விதமாகவும் படிக்க இடமிருக்கிறது என்று கம்பெனி வாதிட்டாலும், தெளிவில்லாத வாசகத்தை எழுதியவருக்கு எதிராகவே பொருள்கொள்வது ஒப்பந்தங்களை வாசிப்பதில் நெடுநாளாக உள்ள மரபு.

இனி மெய்யான முரணுக்கு வருவோம். கையேடு 45 என்கிறது, சுற்றறிக்கை 30 என்கிறது. ஒரே கேள்வி, இரண்டு விடைகள், ஒரே வகை விடுப்பு, ஒரே ஆள். இதைச் சமாதானம் சொல்லித் தீர்க்க முடியாது. ஒன்று நிற்க வேண்டும், மற்றது விழ வேண்டும்.

கையேடு ஏற்கெனவே இருந்த விதி. அதைத் திருத்தவே பின்னால் சுற்றறிக்கை வந்தது. பின்வந்தது முன்னதை மாற்றும் என்பது பொதுவான நியாயம். அப்படியானால் 30தான் செல்லும் என்று அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. எது செல்லும் என்பதற்கு அடுத்தபடியாக, எப்போதிலிருந்து செல்லும் என்ற கேள்வி இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிய கேள்வி என்று தெரியும்.

2020 ஜூன் முதல் டிசம்பர் வரை ஏழு மாதம், மாதம் 1.5 வீதம் 10.5 நாள். 2021இல் 18. 2022இல் 18. 2023 ஜனவரி முதல் மார்ச் வரை 4.5. ஆக, 2023 மார்ச் 31 வரை வரவு 51 நாள். அதுவரை அவர் எடுத்தது 13 நாள், டிசம்பரில் எதையும் பணமாக்கவில்லை. கையிருப்பு 38. அடுத்த ஆறு மாதத்தில் வரவு 9, எடுத்தது ஏப்ரலில் 3, நிகர வரவு 6. கையேட்டின்படி விலகும் நாளில் மீதி 44.

கம்பெனியின் தாளோ 36 என்கிறது. விடுப்புப் பதிவைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், 31.03.2023 தேதியிட்ட ஒரு வரி இருக்கிறது: "காலாவதி: 8." அதாவது 38இல் 30 போக மிஞ்சிய 8 நாளை மென்பொருள் அந்த மார்ச் மாதக் கடைசியில் கழித்துவிட்டது.

அந்தத் தேதியைச் சுற்றறிக்கையின் தேதியோடு வைத்துப் பார்க்க வேண்டும். சுற்றறிக்கை நடைமுறைக்கு வருவது 2023 ஏப்ரல் 1. கழித்தது அதற்கு முந்தைய நாள். மார்ச் 31 அன்று நடப்பில் இருந்தது பழைய விதி: உச்சம் 45, காலண்டர் ஆண்டு. அந்த விதியின்படி 38 உச்சத்துக்குள்தான் இருக்கிறது. மார்ச் 31 ஓர் ஆண்டின் இறுதியும் அல்ல. புதிய விதிப்படி முதல் விடுப்பு ஆண்டு 2023 ஏப்ரலில் தொடங்கி 2024 மார்ச்சில் முடிகிறது. "ஆண்டு இறுதியில் 30க்கு மேல்" என்ற கத்தரி முதன்முதலாக விழ வேண்டிய நாள் 2024 மார்ச் 31. அந்த நாள் வருவதற்கு ஆறு மாதம் முன்பே அவர் விலகிவிட்டார். ஆகவே இந்தச் சுற்றறிக்கை முழுக்கச் செல்லும் என்று ஒப்புக்கொண்டாலும்கூட, அதன் சொந்த வாசகப்படியே அந்த 8 நாளைக் கழிக்க இடமில்லை.

முரணைத் தேடுபவர்கள் பெரும்பாலும் எண்களைத்தான் தேடுகிறார்கள். அதைவிட மூன்று தேதிகளைத் தேடுவது பயன் தரும்: தாள் வெளியான நாள், நடைமுறைக்கு வந்த நாள், பதிவில் உண்மையில் கைவைத்த நாள். இவை மூன்றும் வரிசையாக இல்லையென்றால் அங்கே ஏதோ தவறு நடந்திருக்கிறது.

வெளியான நாளுக்கும் நடைமுறைக்கு வந்த நாளுக்கும் இடையிலான தூரமும் முக்கியம். நம் கணக்கில் அது 12 நாள். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் 2023இல் நடப்பில் இருந்தது. அதன் 9ஏ பிரிவின்படி, நான்காம் அட்டவணையில் உள்ள பணி நிபந்தனைகளை மாற்ற விரும்பும் முதலாளி முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், கொடுத்த 21 நாளுக்குள் மாற்றத்தைச் செய்யக் கூடாது. சம்பளத்துடன் கூடிய விடுப்பு அந்த அட்டவணையில் இருக்கிறது. எழுத்தர் வேலை செய்பவர் அந்தச் சட்டத்தின் கண்ணில் தொழிலாளர்தான், நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் அல்ல. ஆக, மார்ச் 20 சுற்றறிக்கையையே முன்னறிவிப்பாக எடுத்துக்கொண்டாலும் ஏப்ரல் 1 என்பது அவசரக் குடுக்கைத்தனம். இது கூடுதல் வாதம். முதல் வாதம் போதுமானதாக இருக்கும்போது இதை இரண்டாவதாக வைத்தால் போதும்.

சட்டம் என்றதும், அந்த 8 நாளையும் சட்டமே கேட்டு வாங்கித் தந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. சென்னை அலுவலகத்துக்குப் பொருந்தும் 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடுத்த ஆண்டில் 12 நாள் சம்பள விடுப்பு தருகிறது. அதை 24 நாள் வரை சேர்க்கலாம். கையேட்டின் 45, சுற்றறிக்கையின் 30 இரண்டுமே அந்த அடிமட்டத்துக்கு மேலேதான் இருக்கின்றன. விலகும்போது பணம் தரும் விஷயத்திலும் அந்தச் சட்டம் குறுகலானதுதான்: முதலாளி வேலையை விட்டு நீக்கினால், அல்லது விடுப்பு கேட்டு மறுக்கப்பட்ட பிறகு ஊழியர் விலகினால், அந்த விடுப்புக்குப் பணம். விடுப்பே கேட்காமல் தானாக விலகுபவருக்கு அது கைகொடுக்காது. எனவே இவர் சாய்ந்துகொள்ள வேண்டியது கையேட்டின் 5.9. எந்தச் சுவரில் சாய்கிறோம் என்று தெரியாமல் "லேபர் லா படி" என்று தொடங்கும் கடிதம் எளிதாகத் திருப்பி அனுப்பப்படும்.

அதே சட்டம் வேறோர் இடத்தில் கைகொடுக்கிறது, அதுவும் மூன்று தாள்களும் ஒத்துப்போகும் இடத்தில். தற்செயல் விடுப்பு 6 நாள் என்கிறது கையேடு. ஆஃபர் லெட்டரின் 24க்குள் அந்த 6 அடங்கியிருக்கிறது. சுற்றறிக்கை அதைத் தொடவில்லை. முரண் எதுவும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டுச் சட்டம், வேலையில் சேர்ந்த முதலாண்டிலிருந்தே, 12 நாள் வரை நோய் விடுப்பும் 12 நாள் வரை தற்செயல் விடுப்பும் தனித்தனியே தருகிறது. சட்டத்தின் மூன்று தலைப்புகளையும் கூட்டினால் 36. கையேட்டின் 18, 6, 12ஐக் கூட்டினாலும் 36. "மொத்தம் சரியாகத்தானே இருக்கிறது" என்று ஹெச்.ஆர். சொல்லக்கூடும். வேலையில் சேர்ந்த முதல் ஆறு மாதத்தை எண்ணிப் பார்த்தால் அந்தச் சமாதானம் நிற்காது. ஈட்டிய விடுப்பைப் பணி உறுதியான பிறகுதான் எடுக்கலாம். அதுவரை வீட்டில் ஒரு காரியம் என்றால் கையில் இருப்பது மாதம் அரை நாள் தற்செயல் விடுப்பு மட்டுமே. தாள்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பது ஒரு சோதனை, மூன்றும் சேர்ந்து சட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டனவா என்பது வேறொரு சோதனை. இரண்டாவதைப் பலர் செய்வதே இல்லை.

அடிமட்டம் இடத்துக்கு இடம் மாறும் என்பதையும் சொல்லியாக வேண்டும். தொழிற்சாலை என்றால் 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி கணக்கே வேறு: ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தால், 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் விடுப்பு. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்த 240 நாள் 180 ஆகியிருக்கிறது. நிர்வாகப் பதவியில் இருப்பவருக்குக் கடைகள் சட்டமே பொருந்தாது. ஆகவே, தகராறு எந்த ஆண்டைச் சேர்ந்தது, நாம் எந்த வகை ஊழியர் என்று முடிவு செய்த பிறகே சட்டத்தைக் கையில் எடுக்க வேண்டும்.

கடைசியாகப் பணம். கையேடு "அடிப்படைச் சம்பள வீதத்தில்" என்று நிறுத்திவிடுகிறது. மாதச் சம்பளத்தை எதால் வகுப்பது என்று எந்தத் தாளும் சொல்லவில்லை. அடிப்படைச் சம்பளம் 31,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 1,200, 30ஆல் வகுத்தால் 1,040. கையேடு விடுப்பை வேலைநாளாக எண்ணுவதால், மாதத்தின் வேலைநாளாகிய 26ஆல் வகுப்பதே அதனோடு இசைகிறது. அப்படியானால் 44 நாளுக்கு 52,800 ரூபாய். கம்பெனியின் 36 நாளுக்கு 43,200. அந்த 8 நாளின் விலை 9,600 ரூபாய். வகுக்கும் எண் பற்றிய இந்தச் சிக்கல் முரண் அல்ல, தாள்களின் மௌனம். மௌனத்தைக் குற்றமாக எழுதாமல் கேள்வியாகக் கேட்பதே சரி.

இத்தனையும் பிரித்து முடித்த பிறகு எழுத வேண்டிய கடிதம் அரைப் பக்கம்கூட வராது. "31.03.2023 அன்று என் கணக்கிலிருந்து 8 நாள் ஈட்டிய விடுப்பு காலாவதி எனக் கழிக்கப்பட்டுள்ளது. அந்த நாளில் நடப்பில் இருந்த கையேட்டின் 5.2 பிரிவு 45 நாள் வரை அனுமதிக்கிறது. 20.03.2023 சுற்றறிக்கை 01.04.2023 முதல்தான் நடைமுறைக்கு வருகிறது. எந்த விதியின் கீழ் கழிக்கப்பட்டது என்று தெரிவிக்கவும். 5.9 பிரிவின்படி 44 நாளுக்குக் கணக்கு முடித்துத் தரவும். நாள் வீதம் எந்த எண்ணால் வகுக்கப்பட்டது என்பதையும் தெரிவிக்கவும்." இதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் ஒரு பிரிவு எண்ணைக் காட்டியாக வேண்டும். அவரால் காட்ட முடியாது.

சுற்றறிக்கை எழுதுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. "கையேட்டின் 5.6 நீக்கப்படுகிறது, 5.2இல் 45 என்பது 30 ஆகிறது, முதல் காலாவதி 31.03.2024, 5.9இல் மாற்றமில்லை" என்று எழுத இரண்டு வரி போதும். வேலை பார்ப்பவர்களுக்கு இன்னும் எளிய வேலை இருக்கிறது. சேர்ந்த அன்று கொடுத்த கையேட்டின் பிரதியையும், வந்த ஒவ்வொரு சுற்றறிக்கையையும், ஆண்டுக்கொரு முறை விடுப்புப் பதிவையும் சொந்த மின்னஞ்சலுக்கோ வீட்டுக் கோப்புக்கோ கொண்டுவந்துவிடுங்கள். விலகிய மறுநாள் அலுவலகக் கணினியின் கதவு உங்களுக்குத் திறக்காது.